ரோட்டோரக் கரும்புத் தண்ணியும் பழச்சாறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரும்புத் தண்ணி வாங்கப் போனா மொதல்ல எதைப் பார்க்கணும்?

கரும்பைப் பாருங்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட் இரவுச் சந்தையில் நான் கரும்பு பிழிந்துகொண்டிருந்த காலத்தில், வந்தவர்கள் எல்லாரும் மிஷின் சுற்றுவதைத்தான் வேடிக்கை பார்ப்பார்கள். பக்கத்தில் கட்டுக்கட்டாகச் சாய்த்து வைத்திருக்கும் கரும்பை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும்.

வெட்டிய முனையைக் கவனியுங்கள். புதிதாக வெட்டியது வெளிறிய மஞ்சளாக, ஈரப்பசையோடு இருக்கும். நாளானது காய்ந்து பழுப்பாகி வெடித்திருக்கும். சிலதில் கறுப்பாகப் பூசணம் படர்ந்திருக்கும். உள்ளே சிவப்புக் கோடு ஓடியிருந்தால் அது செவ்வழுகல் நோய், ஒரு பூஞ்சைக் காளானின் வேலை. பொங்கலுக்குக் கரும்பு கடித்து வளர்ந்தவர்களுக்கு இது பழக்கம்தான். உள்ளே சிவந்திருந்தால் பாட்டி கையிலிருந்து பிடுங்கித் தூரப் போட்டுவிடுவார். அந்தக் கரும்பில் சர்க்கரை குறைந்து, புளித்த கள் வாடை வரும். மிஷினுக்குள் போய்விட்டால் மற்ற கரும்பின் சாற்றோடு கலந்துவிடும், உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. நல்ல கடைக்காரர் ஒவ்வொரு கரும்பிலும் இரண்டு முனையையும் இரண்டு விரல் அளவுக்கு நறுக்கி எறிந்துவிட்டுத்தான் பிழிவார்.

கரும்பு எதன் மேல் நிற்கிறது என்பதையும் பாருங்கள். கால்வாய் ஓரம் வெறும் தரையில் சாய்த்து வைத்திருந்தால் நான் வாங்க மாட்டேன். சுற்றிலும் செம்பனைத் தோட்டம் உள்ள ஊரில் எலிக்குப் பஞ்சமில்லை, எலிக்கோ இனிப்பு என்றால் உயிர். பலகை மேலோ கூடையிலோ நிமிர்த்தி வைத்திருப்பவர் அதை யோசித்துச் செய்கிறார்.

தோல் எல்லாம் சீவி வெள்ளையா அடுக்கி வச்சிருக்காங்களே, அதுதானே சுத்தம்?

கண்ணுக்குத்தான் சுத்தம். கரும்பின் தோலும் அதன் மேல் இருக்கும் மெழுகுப் பூச்சும்தான் உள்ளே இருக்கும் சாற்றுக்குக் காவல். சீவிய நிமிடத்திலிருந்து இனிப்பு ஈரம் முழுக்க வெளியே தெரிகிறது. ஈ, தேனீ, தூசி, லாரிப் புகை, தொட்ட கை எல்லாம் அதில் ஒட்டும். காலையில் வீட்டில் சீவி, மாலை வரை வெயிலில் நிறுத்தி வைத்த கரும்பு உள்ளங்கையில் பிசுபிசுக்கும்.

தோலோடு வைத்திருந்து, கழுவி, அவ்வப்போது தேவைக்குச் சீவுகிற கடைதான் முதல் தரம். சீவியதைச் சுத்தமான பையில் போட்டு ஐஸ் பெட்டியில் மூடி வைத்திருந்தால் அதுவும் பரவாயில்லை. வாளித் தண்ணீரில் ஊறப் போட்டிருந்தால் வேண்டாம். அந்தத் தண்ணீரைக் காலையிலிருந்து மாற்றியிருக்க மாட்டார்கள்.

பிழிஞ்ச தண்ணி கொஞ்ச நேரத்துல கறுத்துப் போகுதே, கெட்டுப் போச்சா?

கறுப்பது வேறு, கெடுவது வேறு. கரும்பை நசுக்கியதும் அதிலிருக்கும் ஒரு நொதி காற்றோடு சேர்ந்து சாற்றைப் பழுப்பாக்குகிறது. வெட்டிய ஆப்பிளும் கத்தரிக்காயும் நிறம் மாறுவது இதே காரணத்தால்தான். அதனால் மட்டும் வயிறு கெடாது. ஆனால் அந்த நிறம் உங்களுக்கு நேரம் காட்டும். பச்சை கலந்த பொன்னிறம் என்றால் இப்போதுதான் பிழிந்தது. டீ நிறத்துக்கு வந்துவிட்டால் பிழிந்து நேரமாகிவிட்டது.

அந்த நேரம்தான் முக்கியம். எலுமிச்சைச் சாறு தன் புளிப்பாலேயே பல கிருமிகளை அடக்கிவைக்கும். புளிப்பை அளக்கும் பிஎச் கணக்கில் எலுமிச்சை 2க்கும் 3க்கும் நடுவில் நிற்கும். எண் ஏற ஏறப் புளிப்பு குறையும். கரும்புச் சாறு 5ஐத் தாண்டும், அதாவது புளிப்பே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீரும் சர்க்கரையும் நம் ஊர்ச் சூடும் சேர்ந்தால் கிருமிக்கு விருந்துதான். வசதியான சூட்டில் சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு மடங்காகும். ஒன்று இப்படிப் பெருகினால் மூன்று மணி நேரத்தில் 512.

உண்மையிலேயே கெட்டதை மூக்கும் நாக்கும் சொல்லும். புளித்த வாடை, ஓரத்தில் நுரை, வாயில் கோழை போல வழவழப்பு. கடைசியாகச் சொன்னது சர்க்கரையைத் தின்று பிசின் உண்டாக்கும் ஒரு வகை பாக்டீரியாவின் வேலை. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: டைபாய்டு மாதிரி நோயைக் கொண்டுவரும் கிருமி வாடையும் தராது, ருசியையும் மாற்றாது. அதனால்தான் கிளாஸை மோந்து பார்ப்பதைவிடக் கடையைப் பார்ப்பது மேல்.

லிமாவ் கஸ்தூரி பிழிஞ்சு விட்டா கிருமி செத்துடுமா?

சாகாது. ஒரு பெரிய கிளாஸில் ஒன்றிரண்டு கஸ்தூரி எலுமிச்சை பிழிவதால் ருசி எடுப்பாகும், நிறம் மாறுவது தள்ளிப்போகும், அவ்வளவுதான். இதனால் ஒரு சிக்கலும் உண்டு. எலுமிச்சை கலந்து வைத்த பழைய சாறும் பார்க்கப் புதிது போலவே இருக்கும். மேலே சொன்ன நிறக் கணக்கு அதற்குச் செல்லாது.

மிஷின் பளபளன்னு இருந்தா சுத்தம்னு நம்பலாமா?

வெளித் தகட்டைத் துணியால் துடைத்தாலே பளபளக்கும். பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று: உருளைகள், சாறு விழும் தட்டு, வடிகட்டி.

உருளையில் இருக்கும் வரிப் பள்ளங்களில் பழைய நார் காய்ந்து கறுத்து ஒட்டியிருக்கிறதா பாருங்கள். இன்றைய நார் ஈரமாக, வெளிறி இருக்கும், அதில் தப்பில்லை. நேற்றையது கறுத்துக் கெட்டியாகியிருக்கும். உருளையின் இரு ஓரத்திலும் அச்சு சுழலும் இடத்தில் கிரீஸ் போட்டிருப்பார்கள். அந்தக் கறுப்பு தட்டுக்குள் வழிந்திருந்தால் அது உங்கள் கிளாஸுக்கும் வரும். தட்டின் மூலையும் சாறு இறங்கும் குழாய் வாயும் கழுவக் கஷ்டமான இடங்கள். அங்கே வழவழவென்று பழுப்புப் படலம் இருந்தால் இரவு கடை கட்டும்போது வெறும் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டுமானால் சோப்பு போட்டு, பிரஷ்ஷால் பள்ளம் பள்ளமாகத் தேய்த்து, கடைசியில் கொதிநீர் ஊற்ற வேண்டும். வியாபாரம் முடிந்து கால் கடுக்க நிற்கும் நேரத்தில் இது பெரிய தொல்லை, அதனால்தான் பல பேர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் ஒட்டியிருக்கும் சர்க்கரை இரவோடு இரவாகப் புளித்துவிடும். கடை திறக்கிற நேரத்தில் மிஷின் பக்கம் புளித்த வாடை அடித்தால் காரணம் அதுதான்.

வடிகட்டி கம்பி வலையாக இருந்தால் நல்லது. துணி வடிகட்டி என்றால் அதன் நிறத்தைப் பாருங்கள், வேறு எதுவும் கேட்கத் தேவையில்லை.

ஐஸ்ல கிருமி உயிரோட இருக்காதுன்னு சொல்றாங்களே, உண்மையா?

இல்லை. குளிர் கிருமியின் பெருக்கத்தை நிறுத்தி வைக்கும், கொல்லாது. ஐஸ் உருகியதும் அது எழுந்து உட்காரும். ஐஸ் என்பது யாரோ ஒருவர் எங்கோ உறைய வைத்த தண்ணீர். அந்தத் தண்ணீர் சரியில்லை என்றால் ஐஸும் சரியில்லை.

நம் ஊர்க் கடைகளில் இரண்டு வகை வரும். நடுவில் ஓட்டையோடு உருளையாகக் கண்ணாடி போல இருப்பது டியூப் ஐஸ். குடிக்கவே செய்து, பிளாஸ்டிக் பையில் கட்டி வருகிறது. இன்னொன்று பெரிய பாளம், நடுவில் வெண்மையாக இருக்கும். மீன் கடைக்குப் போவது பெரும்பாலும் இதுதான். சாக்கில் சுற்றித் தரையில் இழுத்து வந்து சுத்தியலால் உடைப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். வெண்மை என்பது உள்ளே சிக்கிய காற்று, அழுக்கு இல்லை. அந்தப் பாளம் வந்த வழிதான் சிக்கல். பானத்துக்குள் அதை உடைத்துப் போட்டால் நான் அந்தக் கடைப் பக்கம் போக மாட்டேன்.

டியூப் ஐஸ் என்றதும் நிம்மதியாகிவிடாதீர்கள். பை பிரித்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. கைப்பிடி உள்ள கரண்டியால் அள்ளுகிறாரா, கையாலா, அல்லது வாடிக்கையாளர் கிளாஸையே உள்ளே விட்டு மொள்ளுகிறாரா? அதே பெட்டியில் டின் பானங்கள் புதைந்து கிடக்கின்றனவா? அந்த டின்கள் கிடங்குத் தரையையும் லாரியையும் பார்த்துவிட்டு வந்தவை. பெட்டியின் அடியில் தேங்கிய உருகிய தண்ணீரில் மிதக்கும் ஐஸை அள்ளிப் போட்டால், பெட்டிக்குள் விழுந்த எல்லாமே உங்களுக்கும் சேர்த்துத்தான்.

ஐஸ் வேணாம்னு சொன்னா கோவிச்சுக்குவாங்களா?

ஒருவரும் கோவிக்க மாட்டார்கள். "அண்ணே, ஐஸ் வேணாம், இப்ப பிழிஞ்சு குடுங்க" என்றால் போதும். மலாய்க்காரர் கடையானால் "பாங், தக் மாவ் ஐஸ்". சாறு கூடுதலாகப் போகும் என்பதால் சில கடையில் விலை கொஞ்சம் ஏறலாம், அது நியாயம்தான். ஐஸ் இல்லாத சாற்றை அங்கேயே நின்று குடித்துவிடுங்கள். சூடாக இருப்பதால் அது ஐஸ் போட்டதைவிடச் சீக்கிரம் கெடும்.

பெரிய கண்ணாடி ஜாடியில முன்னாடியே பிழிஞ்சு வச்சிருக்கறதை வாங்கலாமா?

ஜாடி எவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்பதைப் பொறுத்தது. கூட்டம் நெருக்கும் நேரத்தில் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும் ஜாடிக்கும், இரண்டு மணி நேரமாக அதே அளவில் நிற்கும் ஜாடிக்கும் நிறைய வித்தியாசம். பாதி காலியானதும் மேலேயே புதுச் சாற்றை ஊற்றிக் கலக்குகிறார்களா என்று பாருங்கள். அப்படிச் செய்தால் அடியில் மதியச் சாறு இரவு வரை கிடக்கும். அதில் மிதக்கும் ஐஸ் பற்றி மேலே சொன்னது இங்கே இரண்டு மடங்காகப் பொருந்தும், ஏனென்றால் அது உருகிச் சாற்றோடு கலந்துவிட்டது. மூடி இல்லாத ஜாடியை விட்டுவிடலாம்.

பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கடை, ரெண்டும் சுமாராத்தான் இருக்கு. எப்படி முடிவு பண்றது?

ஒரு சனிக்கிழமை சந்தையில் என் அக்கா மகன் இதே கேள்வியோடு என்னை இழுத்துக்கொண்டு போனான். முதல் கடையில் கூட்டம். எவர்சில்வர் மிஷின் புதிது, உருளை சுத்தம். ஐஸ் கட்டிய பையிலிருந்து வருகிறது, கரண்டியும் இருக்கிறது. ஆனால் கரும்பு முழுக்கச் சீவி லாரி மேல் சாய்த்து வைத்தது, முனைகள் காய்ந்து பழுப்பாகிவிட்டன. சாறு மூடியில்லா ஜாடியில். காசு வாங்குகிற பையனேதான் கிளாஸுக்கு மூடியும் போடுகிறான்.

இரண்டாவது கடையில் ஒரு வயதான அண்ணன் தனியாக நின்றார். மிஷினின் கால் துருப் பிடித்திருந்தது, ஆனால் உருளைப் பள்ளத்தில் பழைய நார் இல்லை, தட்டும் சுத்தம். கரும்பு தோலோடு பலகை மேல். கேட்டதும் எடுத்து, முனை நறுக்கி, எங்கள் கண் முன்னால் சீவினார். ஐஸ் மட்டும் உடைத்த பாளம், மீன் பெட்டி போன்ற ஒன்றில் கிடந்தது.

துருப் பிடித்த காலைப் பார்த்து அவன் முதல் கடைக்கே நகர்ந்தான். நான் இரண்டாவதில் ஐஸ் இல்லாமல் வாங்கிக் கொடுத்தேன். காரணம் இதுதான்: இரண்டாவது கடையின் குறையை ஒரு வார்த்தையில் விலக்க முடிந்தது. முதல் கடையில் கரும்பும் ஜாடியும் எல்லாருக்கும் ஒன்றுதான், "எனக்கு மட்டும் புதுசா" என்று கேட்டாலும் காலையில் சீவிய கரும்பில்தான் பிழிவார்கள். துருப் பிடித்த கால் சாற்றைத் தொடுவதே இல்லை. சந்தை தொடங்கிய நேரமாக இருந்து, முதல் கடையில் கரும்பு அப்போதுதான் சீவியதாகவும் ஜாடி வேகமாகக் காலியாவதாகவும் இருந்திருந்தால் என் முடிவு மாறியிருக்கும். நாங்கள் போனது இரவு ஒன்பது மணிக்கு, அந்த நேரத்தில் மாறாது.

பழச்சாறு கடைக்கும் இதே கணக்குதானா?

ஐஸும் கையும் அதே கணக்கு. பழத்தில் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. ஆரஞ்சு, அன்னாசி, கெடொண்டோங் இவற்றில் இயற்கையாகவே புளிப்பு இருக்கிறது, அதனால் கொஞ்சம் தாங்கும். தர்பூசணியும் பப்பாளியும் கரும்பைப் போலப் புளிப்பில்லாதவை. காலையில் வெட்டிப் பிளாஸ்டிக் சுற்றி மேசை மேல் அடுக்கிய தர்பூசணித் துண்டு மாலையில் பிளெண்டருக்குள் போவதுதான் பழக்கடையில் நான் அதிகம் பயப்படும் விஷயம். முழுப் பழமாக வைத்து, கேட்ட பிறகு வெட்டச் சொல்லுங்கள். வெட்டும் முன் தோலைக் கழுவுகிறாரா என்றும் பாருங்கள். தோலை நாம் தின்பதில்லை, ஆனால் தோலில் இருக்கும் மண்ணைக் கத்தி உள்ளே இழுத்துக்கொண்டு போகும்.

அழகான பழங்கள் முன்னால் காட்சிக்கு இருக்கும், அடிபட்டதும் கனிந்து குழைந்ததும் மேசைக்கு அடியில் ஜூஸுக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கும். நன்றாகக் கனிந்தது ஜூஸுக்கு நல்லதே. பூசணம் பிடித்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை அரைத்தால் அதை வாங்காதீர்கள். மென்மையான பழத்தில் பூசணம் கண்ணுக்குத் தெரிவதைவிட ஆழமாகப் போயிருக்கும்.

பிளெண்டரை ஒவ்வொரு கிளாஸுக்குப் பிறகும் எப்படிக் கழுவுகிறார்கள்? ஒரே வாளியில் முக்கி முக்கி எடுத்தால், அந்த வாளியின் நிறத்தைப் பார்த்து நீங்களே முடிவு செய்யலாம். குழாயோ, அடியில் குழாய் வைத்த தண்ணீர்த் தொட்டியோ இருந்தால் நல்ல அறிகுறி.

கடையில ஸ்டிக்கர் இருக்கு, ஊசி போட்ட அட்டையும் மாட்டியிருக்காங்க. அது போதாதா?

நல்ல அறிகுறிதான். மலேசியாவில் 2009ஆம் ஆண்டின் உணவுத் துப்புரவு விதிமுறைப்படி உணவைக் கையாளுகிறவர் பயிற்சி வகுப்புக்குப் போயிருக்க வேண்டும், டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். ஊசியின் பலன் மூன்று ஆண்டு என்று கணக்கு, அதனால் அட்டையில் தேதியைப் பாருங்கள். அட்டையில் பெயருள்ளவரும் இன்று பிழிகிறவரும் ஒரே ஆள்தானா என்பதும் கேள்விதான். இன்னொன்று: ஊசி போட்டுக்கொண்டவருக்குத்தான் பாதுகாப்பு. ஐஸுக்கும் உருளைக்கும் யாரும் ஊசி போடுவதில்லை.

கையுறையும் அப்படித்தான். கையுறையோடு காசு வாங்கி, அதே கையுறையோடு கரும்பைத் தொட்டால் அது வெறுங்கையைவிட மேலில்லை.

சர்க்கரை வியாதி இருக்கறவங்க குடிக்கலாமா? இயற்கையானதுதானே?

ஒரு 250 மில்லி கிளாஸ் சுத்தக் கரும்புச் சாற்றில் சுமார் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும், ஆறு தேக்கரண்டிக்கும் அதிகம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது, பழச்சாற்றில் இருக்கும் சர்க்கரையும் அந்தக் கணக்கில் சேரும். இயற்கை என்பதால் உடம்பு சலுகை தராது. மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: நட்சத்திரப் பழ ஜூஸ், அதாவது பெலிம்பிங், வேண்டவே வேண்டாம். பலவீனமான சிறுநீரகத்தால் அதிலிருக்கும் நச்சை வெளியேற்ற முடியாது. நிற்காத விக்கலில் தொடங்கி, புத்தி தடுமாறி, வலிப்பு வரை போகலாம்.

பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டு போனா எவ்வளவு நேரம் தாங்கும்?

வெயிலில் நிறுத்திய காருக்குள் என்றால் ஒரு மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜில் வைத்து அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். ராத்திரி வாங்கியதை மறுநாள் பள்ளிக்குப் பிள்ளையின் பாட்டிலில் ஊற்றி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன், அது கூடாது.

நேத்து கரும்புத் தண்ணி குடிச்சேன், இன்னைக்கு வயிறு போகுது. அந்தக் கடைதானே காரணம்?

இருக்கலாம், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது. சில நஞ்சு சில மணி நேரத்திலேயே வாந்தியைக் கொண்டுவரும். சால்மனெல்லா வகைக் கிருமிக்கு ஆறு மணி நேரத்திலிருந்து சில நாள் வரை ஆகும். டைபாய்டு காய்ச்சல் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். ஈரலைத் தாக்கும் ஹெப்படைடிஸ் ஏ சுமார் ஒரு மாதம்கூட எடுத்துக்கொள்ளும். கடைசியாகச் சாப்பிட்டதன் மேல் பழியைப் போடுவது நம் வழக்கம். அதற்கு இரண்டு நாள் முன்பு கல்யாண வீட்டில் சாப்பிட்டது யாருக்கும் ஞாபகம் வராது.

காய்ச்சல் தொடர்ந்தால், மலத்தில் ரத்தம் போனால், சிறுநீர் குறைந்தால், குழந்தை சோர்ந்து விழுந்தால் கிளினிக்குக்குப் போக யோசிக்காதீர்கள். போகும்போது, கடந்த சில நாளில் எங்கே என்ன குடித்தீர்கள், சாப்பிட்டீர்கள், கூடக் குடித்தவர்களில் வேறு யாருக்காவது இப்படி ஆனதா என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு மூன்று பேருக்கு ஒரே மாதிரி ஆகியிருந்தால் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் சொல்லலாம். கடையின் பெயர் தெரியாவிட்டாலும் எந்தச் சந்தை, எந்த வரிசை, என்ன நேரம் என்று சொன்னால் அவர்களால் தேடிப் பிடிக்க முடியும்.